தூரமான நாளில் ஒரு தொடரோட்டம்

பஞ்சாலையில் நின்று வேலை செய்வதற்குத் தீட்டு கிடையாது. மைதானத்தில் ஓடுவதற்குத்தான் தீட்டு. இதை யார் சொல்லி வைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சொன்னவர் ஒரு நாளாவது ரீலிங் மிஷின் முன்னால் நின்றிருக்க மாட்டார் என்று மட்டும் தெரியும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் கோயமுத்தூரில் ஒரு மில்லில் ரீலிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கட்டையில் சுற்றி வரும் நூலைப் பெரிய வளையங்களாக, சிட்டமாகச் சுற்றி எடுப்பது ரீலிங். அறுந்த இழையைக் கட்ட வேண்டும், காலியான கட்டையை எடுத்துவிட்டு நூல் கட்டையைச் செருக வேண்டும், சுற்றி முடிந்த சிட்டங்களை இறக்கிக் கட்டித் தூக்கிப் போய்ப் போட வேண்டும். ஷிப்ட் முழுக்க நின்றபடிதான். உதிரம் போகாத நாளும் அப்படித்தான், போகும் நாளும் அப்படித்தான். "ஏம்மா, இன்னைக்கு உனக்கு வயித்து வலியா, சித்தெ ஒக்காரு" என்று எந்த மிஷினும் சொன்னதில்லை. எந்த மேஸ்திரியும் சொன்னதில்லை.

ஆனால் சோற்று வேளையில் மட்டும் கணக்கு மாறிவிடும். பெண்கள் சாப்பிடுவதற்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. தூரமானவர்கள் அதற்குள் வரக்கூடாது. வெளியே சுவரோரம் ஒரு புளியமரம். தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். அதனால் எங்கள் மில்லில் அதற்குப் பெயரே அதுதான். மற்ற ஊரில் வீட்டுக்குத் தூரம் என்பார்கள், வெளியே உட்கார்ந்துவிட்டாள் என்பார்கள். எங்களிடம், "அவ புளியமரத்துக்குப் போயிட்டா" என்றால் போதும். கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறவர்கள்கூட, "பொண்ணு எப்பங்க புளியமரம்?" என்று கேட்டுவிட்டுத்தான் காலண்டரைப் பார்ப்பார்கள். ஜனங்களின் வாயில் பேச்சு எப்படியெல்லாம் முளைக்கிறது பாருங்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கும். அந்த மரத்தடிதான் பிடிக்காது.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மில்லில் விளையாட்டுப் போட்டி நடக்கும். ஆண்களுக்குக் கயிறு இழுப்பது, குண்டு எறிவது, சைக்கிளை மெதுவாக ஓட்டுவது. பெண்களுக்குக் கரண்டியில் எலுமிச்சம்பழம் ஏந்தி நடப்பதும், ஊசியில் நூல் கோப்பதும்தான் வெகு நாளாக இருந்தன. பிறகு புதிதாக வந்த லேபர் ஆபீசர் ஒருவர் தொடரோட்டம் சேர்த்தார். டிபார்ட்மெண்டுக்கு நான்கு பேர். கையில் கொடுத்து வாங்கக் கழிக்குப் பதிலாக நூல் இல்லாத மரக்கட்டை. எங்கள் மிஷினில் செருகுகிற அதே கட்டைதான்.

எனக்கு ஓட்டம் என்றால் உயிர். சின்ன வயசில் சோளக்காட்டு வரப்பில் ஓடிய கால். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஓட்டமும் அதோடு நின்றது. மறுபடி மில் மைதானத்தில்தான் கிடைத்தது. முதல் வருஷம் பயிற்சியில் நான்தான் முன்னால் வந்தேன். போட்டிக்கு முதல் நாள் புளியமரத்துக்குப் போய்விட்டேன். எங்கள் டிபார்ட்மெண்ட் பெண்களை மேய்க்கும் மேஸ்திரியக்கா என்னை நிறுத்திவிட்டு, பயிற்சிக்கே வராத ஒருத்தியை இறக்கினாள். அவள் வாங்கும்போதே கட்டையைத் தவற விட்டாள். நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். அன்றைக்கே மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்: அடுத்த வருஷம் எந்த நாள் வந்தாலும் ஓடிப்போடுவேன்.

வலி எனக்கும் உண்டு. முதல் நாள் காலையில் அடிவயிற்றைப் பிடித்துப் பிழிகிற மாதிரி இருக்கும், இடுப்பு கழன்று விழுகிற மாதிரி இருக்கும். முன்பெல்லாம் பாயில் சுருண்டு படுத்துக்கொள்வேன். படுக்கப் படுக்க அதையேதான் நினைக்கத் தோன்றும். ஒரு நாள் பஸ்ஸைத் தவற விட்டு, அந்த வலியோடு மில்லுக்கு நடந்தே போனேன். சிங்காநல்லூர் குளக்கரை வருவதற்குள் பிடிப்பு தளர்ந்திருந்தது. முழுசாகப் போகவில்லை, ஆனால் மூச்சை இழுத்து விட முடிந்தது. அதற்கப்புறம் வேண்டுமென்றே நடந்து பார்த்தேன். பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. ஒருமுறை எடுத்த எடுப்பிலேயே முழு வேகத்தில் ஓடினேன். குமட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். மெதுவாக ஆரம்பித்தால்தான் எனக்குச் சரி. காரணமில்லாமல் எல்லார் மேலும் வருகிற எரிச்சல்கூட, கொஞ்சம் ஓடி வியர்த்தால் பாதி குறைந்துபோகும். மார்புக் கனம் மட்டும் குறையாது. சேலையை இழுத்து இறுக்கி உடுத்திக்கொண்டால் தாங்கும்.

இரண்டாம் வருஷப் பயிற்சியில் எங்கள் நான்கு பேரில் ஒருத்தி மதுக்கரையிலிருந்து வருகிறவள். நல்ல உயரம், நல்ல கால். தூரமாக இருந்ததை யாருக்கும் சொல்லாமல் வந்து ஓடினாள். பாதி மைதானத்தில் கண் இருட்டி விழுந்தாள். தூக்கி நிறுத்தித் தண்ணீர் தெளித்தபோது பின்சேலையில் பெரிய கறை.

மேஸ்திரியக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "பாத்தீங்ளா? நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன், யாராச்சும் கேட்டீங்ளா? அந்த நாள்ல ஓடுனா கர்ப்பப்பை எறங்கிப்போயிரும்னு சொன்னனா இல்லியா? இனி எவளாச்சும் புளியமரத்துல இருந்துட்டு இந்த மண்ணை மிதிச்சீங்கன்னா காலை ஒடிச்சுப்போடுவேன்!"

"அக்கா, அவ ஓடுனதால விழுந்தாளா, வேற எதுனால விழுந்தாளான்னு பாக்க வேண்டாமுங்ளா?" என்றேன்.

"நீ டாக்டராட்ட பேசாத. வாயை மூடு அம்மணி."

மேஸ்திரியக்காவைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் கூடப்பிறந்த தங்கைக்கு உண்மையிலேயே கர்ப்பப்பை இறங்கியிருந்தது. அந்த அம்மா படுகிற பாட்டைப் பார்த்துப் பார்த்து வந்த பயம் அது. தங்கை எப்போதோ ஒரு நாள் தூரமாக இருந்தபோது நோம்பிப் பண்டிகைக்கு ஊர்ப் பெரியதனக்காரரான பட்டக்காரர் தோட்டத்தில் ஓடிப் பிடித்து விளையாடினாளாம். அதுதான் காரணம் என்று வீட்டில் எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

நான் விடவில்லை. "டாக்டர்கிட்டயே போலாமுங்க. அவிய ஓட வேண்டாம்னு சொல்லிப்போட்டா நான் இனிமேல் வாயே தெறக்க மாட்டேன். நீங்களும் வாங்க."

மதுக்கரைக்காரியை எப்படியும் கூட்டிப்போக வேண்டியிருந்ததால் மேஸ்திரியக்காவும் கிளம்பினாள். டவுனில் பிரசவ ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் இருந்தார்கள். கட்டையான உருவம், கண்ணாடி, சிரிக்காமல் சிரிப்பு மூட்டுகிற பேச்சு. மதுக்கரைக்காரியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்கள். நகத்தைப் பார்த்தார்கள். எத்தனை நாள் போகிறது, ஒரு நாளைக்கு எத்தனை துணி மாற்றுகிறாய், கட்டி கட்டியாகப் போகிறதா என்று கேட்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்ன பதிலைக் கேட்டு எனக்கே பகீரென்றது. இவ்வளவு போகிறது என்று அவள் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

"உடம்புல ரத்தமே இல்லையேம்மா," என்றார்கள் டாக்டர். "ஓட்டம் உன்னைத் தள்ளலை. ரத்தம் இல்லாம நீ ஏற்கெனவே தள்ளாடிட்டுத்தான் இருந்திருக்கே, ஓடினதுல அது வெளிய தெரிஞ்சுபோச்சு. இரும்புச் சத்து மாத்திரை தர்றேன். இவ்வளவு ஏன் போகுதுன்னும் பாக்கணும். அது சரியாகிற வரைக்கும் நீ போட்டியில ஓட வேண்டாம். மில்லுலயும் தலை சுத்தினா உடனே உக்காந்துடணும்."

மேஸ்திரியக்காவின் முகம் மலர்ந்தது. "அப்பிடிச் சொல்லுங்க தாயி! எல்லாத்துக்கும் சேத்தே சொல்லிப்போடுங்க. இந்தப் புள்ளைக்கும்." என்னைக் கை காட்டினாள்.

டாக்டர் என்னிடமும் அதே கேள்விகளைக் கேட்டார்கள். என் இமையையும் இழுத்துப் பார்த்தார்கள். பிறகு மேஸ்திரியக்கா பக்கம் திரும்பினார்கள்.

"இவ எதுக்கு ஓடாம இருக்கணும்?"

"அந்த நாளுங்க தாயி…"

"அந்த நாள்ல மில்லுல என்ன வேலை செய்றா?"

"ரீலிங்குங்க."

"நின்னுக்கிட்டா, உக்காந்துக்கிட்டா?"

"நின்னுக்கிட்டுங்க."

"சுமை தூக்குவாளா?"

"சிட்டமெல்லாம் தூக்கோணுமுங்களே."

"அப்ப கர்ப்பப்பை இறங்கலையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். சிரிப்பு உள்ளே போய்விட்டது. தங்கை கதையை மேஸ்திரியக்கா எடுத்தாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டார்கள். எத்தனை பிள்ளை பெற்றாள், பெற்று எத்தனை நாளில் தண்ணிக்குடம் தூக்கினாள் என்று விசாரித்தார்கள்.

"அதுதாம்மா காரணமா இருக்கும். வரிசையாப் பிள்ளை பெத்து, உடம்பு தேறுறதுக்குள்ள பாரம் தூக்கினா தசையெல்லாம் தளர்ந்துபோகும். தீட்டு நாள்ல ஓடி விளையாடினதால கர்ப்பப்பை இறங்காது. பாவம், அந்தப் பொண்ணு விளையாடினதுக்குப் பழி சுமந்துட்டு இருக்கா. அவளையும் இங்க கூட்டிட்டு வா."

பிறகு என்னிடம் சொன்னார்கள்: "உனக்கு உடம்பு இடம் கொடுத்தா மற்ற நாள் மாதிரியே ஓடலாம். முதல் நாள் வலி இருந்தா வேகத்தைக் குறைச்சுக்கோ. நட, கை காலை நீட்டி மடக்கு, மெதுவா ஓடு. நிறையப் பேருக்கு அதுலயே வயித்துப் பிடிப்பும் இடுப்பு வலியும் கொஞ்சம் தணியும். தணியாதவங்களும் இருக்காங்க. ஓடியே ஆகணும்னு சட்டம் இல்லை, ஓடக் கூடாதுன்னும் சட்டம் இல்லை. தலை சுத்தினா, என்னைக்கும் இல்லாம அதிகமாப் போனா, வலி தாங்க முடியாமப் போனா, நிறுத்திட்டு இங்க வா. நிறையத் தண்ணி குடி. துணியை நல்லா வெயில்ல காயப்போட்டுக் கட்டு."

துணியை வெயிலில் போடுவதாம்! எங்கள் வீடுகளில் அதை மற்ற துணிக்கு அடியில் ஒளித்துத்தான் காயப்போடுவோம். வெயிலுக்கே தெரியக்கூடாது.

வெளியே வந்ததும் மேஸ்திரியக்கா, "அவிய படிச்சவிய. சொல்லுவாங்க. நாளைக்கு எதாச்சும் ஆனா பதில் சொல்றது நானு," என்றாள். ஆனால் மதுக்கரைக்காரி ஓட முடியாது என்று ஆகிவிட்டதால், மிச்சமிருந்தவர்கள் நாங்கள் மூன்று பேரும், அவள் இடத்துக்கு வந்த மேஸ்திரியக்காவின் அண்ணன் மகளும்தான். என்னையும் எடுத்துவிட்டால் அணியே இல்லை.

போட்டி நாளும் என் நாளும் ஒன்றாகவே வந்தன. காலையில் எழும்போதே தெரிந்துவிட்டது. மறைத்திருக்கலாம். கொட்டகைக்குள் போய் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? மதுக்கரைக்காரி மறைத்துத்தான் விழுந்தாள். எனக்கு ஒளிந்துகொண்டு ஓடப் பிடிக்கவில்லை. எல்லார் கண்ணுக்கும் முன்னால் போசியை எடுத்துக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்து, கம்மஞ்சோற்றை மோரில் கரைத்து அளவாகக் குடித்துவிட்டு, கை கழுவி, நேராக மைதானத்துக்குப் போனேன். பழைய சேலைத் துணியை அடுக்காக மடித்து அரைஞாண் கயிற்றில் இறுக்கிக் கட்டி, அதன்மேல் என் தம்பியின் டவுசரைப் போட்டு, சேலையைத் தூக்கிச் செருகியிருந்தேன். தம்பியிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பானா?

மேஸ்திரியக்கா சுண்ணாம்புக் கோட்டருகே வழி மறித்தாள்.

"புளியமரத்துல இருந்துதான வந்த?"

"ஆமாங்க்கா."

"ரோசனை பண்ணித்தான் வந்தியா?"

"பண்ணித்தானுங்க வந்தேன்."

அவள் சுற்றும் பார்த்தாள். எங்களோடு போட்டி போட வந்த வைண்டிங் டிபார்ட்மெண்டுக்காரிகள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்தினாள். "சரி, கேட்டுக்க. நீ கடைசியா ஓடு. உனக்குப் பொறவு யாரும் கட்டையை வாங்க வேண்டியதில்லை. என்ற அண்ணன் மவ மூணாவதா வந்து கட்டையைக் கீழ வெச்சுருவா. நீ எடுத்துக்க. கையில கை படவேண்டாம்."

எங்கள் பக்கம் வீட்டில் தூரமானவளுக்கு எதையும் கையில் கொடுக்க மாட்டார்கள். தட்டோ தண்ணீரோ தரையில் வைத்துவிட்டு விலகிக்கொள்வார்கள், அவள் எடுத்துக்கொள்வாள். அதைக் கொண்டுவந்து தொடரோட்டத்தில் வைத்தால் என்ன ஆகும்? உயிரைக் கொடுத்து ஓடி வந்தவள் நின்று, குனிந்து, வைத்து, விலகி, அப்புறம் நான் குனிந்து எடுத்து… அதற்குள் வைண்டிங்காரி வீட்டுக்குப் போய் அடுப்பு பற்ற வைத்துவிடுவாள்.

"அக்கா," என்றேன், "நேத்து நான் கழட்டிப் போட்ட கட்டையத்தான நீங்க கூடையில எடுத்துட்டுப் போனீங்க? போன மாசம் அந்த மூணு நாளும் எடுத்துட்டுப் போனீங்களே. மிஷின்ல இருந்து வர்ற கட்டைக்கு இல்லாத தீட்டு, மைதானத்துல இருக்கற கட்டைக்கு எங்கிருந்துங்க வருது?"

"அது சோலி. இது வெளையாட்டு."

"அப்ப மொதலாளிக்கு லாபம்னா தீட்டு இல்லீங்க, எனக்குச் சந்தோசம்னாத்தான் தீட்டு. அப்பிடித்தானுங்ளே?"

முதல் ஓட்டக்காரி, போன வருஷம் கல்யாணமானவள், "களுக்" என்று சிரித்து, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். மேஸ்திரியக்கா அவளை முறைத்துவிட்டு, "சொன்னதைச் செய்யுங்க," என்று நகர்ந்தாள்.

நான் அண்ணன் மகளைத் தனியாகப் பிடித்தேன். "கண்ணு, கையில குடுத்துருவியா?"

"அத்தை கொன்னுபோடும்ங்க்கா."

"கீழ வெச்சா நாம தோத்துப்போயிருவோம்."

"குடுத்தா நான் ஊட்டுக்குள்ளயே போக முடியாதுங்க்கா." அவள் கண் கலங்கிவிட்டது. அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

போட்டிக்கு நேரம் இருந்தது. அடிவயிறு பிழிய ஆரம்பித்தது. உட்காரவில்லை. மைதான ஓரத்தில் நடந்தேன், பிறகு மெதுவோட்டம், நின்று இடுப்பைச் சுழற்றினேன், மறுபடி நடந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஆண்களில் ஒருவன், "என்ன அம்மணி, போட்டிக்கு முந்தியே ஓடி முடிச்சுருவீங்களாட்ட இருக்குது!" என்றான். "நீங்க சைக்கிளை மெதுவா ஓட்டி செயிச்சவங்க, நான் மெதுவா ஓடி செயிக்கிறனுங்க," என்றேன். உடம்பு சூடேறச் சூடேறப் பிடிப்பு இளகியது. இடுப்புக் கனம் மட்டும் அப்படியே கிடந்தது. தலை சுற்றவில்லை. கண் தெளிவாக இருந்தது. ஓடலாம் என்று உடம்பு சொன்னது. அந்தப் பேச்சைத்தான் நான் கேட்டேன்.

விசில் ஊதினார்கள். முதலாமவள் சுமாராக ஓடினாள். இரண்டாமவள், இரண்டு பிள்ளைக்காரி, விட்ட தூரத்தைப் பிடித்தாள். அண்ணன் மகள் கட்டையை வாங்கியபோது வைண்டிங்காரியும் அவளும் சமமாக இருந்தார்கள். அப்படியொரு ஓட்டத்தை அவள் பயிற்சியில்கூட ஓடியதில்லை. ஜடை அவிழ்ந்து, வாய் திறந்து, புழுதி கிளப்பிக்கொண்டு என்னை நோக்கி வந்தாள். கோட்டுக்கு வெளியே மேஸ்திரியக்கா, "கீழ வைய்யி புள்ள! கீழ!" என்று கத்திக்கொண்டே கூடவே ஓடினாள்.

நான் கையை நீட்டினேன். குனிந்து எடுக்க மாட்டேன் என்று அந்தக் கணத்தில்தான் முடிவு செய்தேன். தரையில் வைத்தால் அது அங்கேயே கிடக்கட்டும்.

அவள் அத்தையைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். பளார் என்று உள்ளங்கையில் அடித்தாற்போலக் கட்டையை வைத்து, என் விரல்களை அவள் விரல்களாலேயே மூடிவிட்டாள். "ஓடுங்க்கா!"

ஓடினேன். வயிறும் இல்லை, இடுப்பும் இல்லை, காற்று மட்டும்தான் இருந்தது. ஆனால் வைண்டிங்கில் கடைசியாக ஓடியவள் கோபி பக்கத்துக்காரி, கொக்கு மாதிரிக் கால். கடைசியில் அவள் நெஞ்சு ஒரு சாண் முன்னால் கயிற்றைத் தொட்டது. நாங்கள் இரண்டாவது.

மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போதே மேஸ்திரியக்கா வந்துவிட்டாள். "தீட்டோட தொட்டீங்க, தோத்தீங்க. சாமி கண்ணைக் குத்திருச்சு பாத்தீங்ளா?"

"சாமி ஒண்ணும் பண்ணலீங்க்கா. அவ கால் நீளமுங்க," என்றேன்.

கோபிக்காரியே சிரித்துவிட்டாள். மேஸ்திரியக்கா அண்ணன் மகள் பக்கம் திரும்பினாள். "உன்ற கையை வெட்டணும்டி. போய் தலைக்குத் தண்ணி வாத்துட்டுத்தான் ஊட்டுக்குள்ள வரோணும்."

அந்தப் பெண் வேர்வையில் நனைந்து நின்றாள். சற்று முன் கண் கலங்கினவள் இவள்தானா என்று இருந்தது. "இந்தப் புழுதிக்கு எப்பிடியும் வாக்கத்தான் வேணுமுங்கத்தை. ஆனாச் சொல்லிப்போடறேன், இனியும் கையிலதான் குடுப்பேன். கீழ வெச்சிருந்தா ரெண்டாவதும் வந்திருக்க மாட்டோம்."

மேஸ்திரியக்காவுக்குக் கோபத்தைவிட மலைப்புதான் அதிகம். என்னைப் பார்த்தாள். இந்தமுறை குரலில் அதட்டல் இல்லை. பழைய பயம்தான் இருந்தது. "உனக்கு ஒண்ணும் பண்ணலியா? வயிறு? எறங்கறாப்பல எதாச்சும்?"

"ஒண்ணுமில்லீங்க்கா. காலையில இருந்ததுக்கு இப்பத்தான் நல்லா இருக்குது."

"நாளைக்கு எதாச்சும் ஆனா?"

"ஆனா டாக்டர்கிட்டப் போறேன். பதில் நீங்க சொல்ல வேண்டாமுங்க, நானே சொல்லிக்கிறேன்."

"அப்ப அடுத்த மாசமும் பயிற்சிக்கு வருவ?"

"வருவனுங்க. நல்லா இருந்தா ஓடுவேன். வலிச்சா நடப்பேன். முடியலீன்னா படுத்துக்குவேன், நீங்க வந்து கூப்பிட்டாலும் எந்திரிக்க மாட்டேன். அது எந்த நாள்னு என்ற ஒடம்பு எனக்குச் சொல்லுமுங்க்கா. நீங்களும் சொல்ல வேண்டாம், புளியமரமும் சொல்ல வேண்டாம்."

பரிசு கொடுக்கக் கூப்பிட்டார்கள். மேடையில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. மற்ற மூவரும் ஏறினார்கள். மேஸ்திரியக்கா என்னைத் தடுக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. நான் ஏறினேன்.